அப்பா குடித்த வீட்டுப் பிள்ளைகளும் தவறான அளவுகோலும்

குடிகார அப்பாவுக்குப் பிள்ளையாக வளர்ந்தவர்களிடம் அவர்களுடைய சொந்தக் குடியைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டில் ஒரு வாக்கியம் வரும். "எனக்கும் அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு" என்பது ஒன்று. "நான் ஒண்ணும் எங்கப்பா மாதிரி இல்ல" என்பது இன்னொன்று. கேட்பதற்கு எதிரெதிர்ப் பேச்சு போலத் தெரியும். ஆனால் இரண்டு பேரும் கையில் வைத்திருக்கிற அளவுகோல் ஒன்றுதான், அது அப்பா. முதல் ஆள் ஒரு வாய் குடித்ததும் அப்பா தெரிகிறார், இரண்டாவது ஆளுக்கு எவ்வளவு குடித்தாலும் அப்பா தெரிவதில்லை. இந்த அளவுகோல் இரண்டு பேரையும் ஏமாற்றுகிறது என்பதுதான் என் வாதம்.

(அப்பா என்றே எழுதுகிறேன், நம் ஊரில் பெரும்பாலும் அவர்தான் என்பதால். அம்மாவோ, வளர்த்த தாத்தாவோ என்றாலும் விஷயம் இதேதான்.)

முதலில் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். குடிக்கிற அப்பா இருக்கும் வீட்டில் பிள்ளைகள் சின்ன வயதிலேயே ஒரு வேலையைக் கற்றுக்கொள்வார்கள்: ஆளைப் பார்ப்பதற்கு முன்பே நிலைமையைக் கண்டுபிடிப்பது. வண்டி தெருமுனையில் திரும்பும்போது ஒரே சீராக வருகிறதா, கேட்டை ஒரே தள்ளில் திறக்கிறாரா இல்லை கொக்கியைத் தேடுகிறாரா, செருப்பை ஓரமாக விடுகிறாரா, உதறிவிட்டு வருகிறாரா, கூப்பிடுகிற குரலில் வழக்கத்தைவிடப் பாசம் கூடுதலாக இருக்கிறதா. இதையெல்லாம் வைத்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவதா, தூங்குவதுபோல் படுத்துக்கொள்வதா, தம்பியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவதா என்று எட்டு வயதில் முடிவெடுத்தவர்கள் ஏராளம். இப்படிப் பழகிய காது, அப்பா போன பிறகும் ஓய்வதில்லை. வளர்ந்த பிறகு அது தன் பக்கமே திரும்புகிறது. ஆபீஸ் பார்ட்டியில் அரை கிளாஸ் பீர் குடித்துவிட்டு, கொஞ்சம் சத்தமாகச் சிரித்தோமே, நன்றாக இருந்ததே, ஏன் நன்றாக இருந்தது என்று விடியும்வரை யோசிக்கிறவர்கள் இவர்கள்தான். அந்தப் பயத்தின் காரணம் அவர்கள் குடித்த அளவில் இல்லை, சின்ன வயதில் பழகிய காவலில் இருக்கிறது. அதனால் பயம் அதிகம் என்பதை மட்டும் வைத்து, குடி அதிகம் என்று முடிவுகட்ட முடியாது.

அப்புறம் "ரத்தத்துல இருக்கு" என்ற பேச்சு. இதில் உண்மை இருக்கிறது, ஆனால் எவ்வளவு உண்மை என்பது முக்கியம். 1973-இல் டொனால்ட் குட்வின் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடிநோய் இருந்த பெற்றோருக்குப் பிறந்து, பிறந்த சில வாரங்களிலேயே உறவினர் அல்லாத குடும்பங்களுக்குத் தத்துப் போன 55 ஆண்களையும், அப்படிப்பட்ட பெற்றோர் இல்லாத 78 தத்துப்பிள்ளைகளையும், எல்லோரும் ஏறத்தாழ முப்பது வயதுக்கு வந்த பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் குழுவில் 18 சதவீதம் பேருக்குக் குடிநோய் இருந்தது, இரண்டாவது குழுவில் 5 சதவீதம். பெற்றவர் குடித்ததைக் கண்ணால்கூடப் பார்க்காத பிள்ளைகள் இவர்கள். ஏறக்குறைய நாலு மடங்கு வித்தியாசம்.

சின்ன ஆய்வுதான். ஆனால் பின்னால் இரட்டையர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வுகளும், குடிநோய்க்கான வாய்ப்பில் மனிதருக்கு மனிதர் இருக்கும் வேறுபாட்டில் சுமார் பாதி மரபணு சார்ந்தது என்ற இடத்துக்கே வந்து சேர்ந்தன. அதில் குடிநோய்க்கென்று ஒற்றை மரபணு எதுவும் கிடையாது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிற நிறைய மரபணுக்கள்தான். சரி, அந்த 18-ஐத் திருப்பிப் படித்துப் பாருங்கள். குடிநோயாளிக்குப் பிறந்த நூறு பேரில் 82 பேருக்கு அந்த வயதுவரை அந்த நோய் வரவில்லை. நாலு மடங்கு என்பதும் உண்மை, பெரும்பாலானவர்களுக்கு வரவில்லை என்பதும் உண்மை. பயப்படுகிறவர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார். இன்னும் சிலர் "ரத்தத்துல இருக்கு, என்ன பண்றது" என்று சொல்லிக்கொண்டே அடுத்த ரவுண்டை ஊற்றுகிறார்கள்.

இந்த மரபு உடம்புக்குள் எந்த வழியாக வேலை செய்கிறது என்பதில்தான் எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் சான் டியாகோவில் மார்க் ஷக்கிட் என்ற ஆய்வாளர் 1970-களின் பின்பகுதியில் தொடங்கி, இருபதுகளில் இருந்த இளைஞர்களை வரவழைத்து, அளந்த அளவு மதுவைக் கொடுத்து, எவ்வளவு போதையாக உணர்கிறார்கள், நிற்கும்போது உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்று பதிவு செய்தார். குடிநோயாளிகளின் மகன்களில் நிறையப் பேருக்கு, அதே அளவு குடித்த மற்றவர்களைவிடப் போதை குறைவாகவே ஏறியது. ஏறத்தாழ பத்து வருடம் கழித்து அவர்களையே தேடிப் போய்ப் பார்த்தபோது, போதை குறைவாக ஏறிய மகன்களில் 56 சதவீதம் பேர் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். நன்றாகப் போதை ஏறியவர்களில் அது 14 சதவீதம்தான். இரண்டு குழுவுக்கும் அப்பா குடிநோயாளிதான் என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கான விளக்கம் எளிமையானது. மூன்றாவது பெக்கில் தலை சுற்றுகிறவருக்கு உடம்பே "போதும்" என்று சொல்லிவிடுகிறது. அந்த எச்சரிக்கை தாமதமாக வருகிறவர், அதே சந்தோஷத்துக்கு இரண்டு மடங்கு குடிக்கிறார், தன்னைப் போலவே குடிக்கிறவர்களோடு சேர்கிறார், மூளையும் ஈரலும் அந்த அளவுக்குப் பழகுகின்றன. நம் ஊரில் இதற்கு என்ன பெயர்? "எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா இருப்பான்." "கபாசிட்டி உள்ள ஆள்." இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு அது பாராட்டு. அப்பா ஆடிக்கொண்டே வருவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கோ அது ஆறுதலும்கூட: நான் ஆடவில்லை, அதனால் நான் அப்பா இல்லை. அவனுடைய அப்பாவும் அந்த வயதில் ஆடியிருக்க மாட்டார்.

ஒரு உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். பலருடைய கதையிலிருந்து சேர்த்து எடுத்தது, ஒரு தனி ஆளுடையது அல்ல. அப்பா ஐம்பத்து நாலு வயதில் ஈரல் கெட்டு இறந்தார். அண்ணனுக்கு முப்பத்து இரண்டு, திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர், சனிக்கிழமை சம்பளம். தங்கைக்கு இருபத்து எட்டு, பெங்களூரில் வேலை. அண்ணன் சனிக்கிழமை மட்டும் நண்பர்களோடு ஒரு குவார்ட்டர் அடிப்பார், ஞாயிறு தூங்குவார், திங்கள் வேலைக்குப் போய்விடுவார், வீட்டில் கை நீட்டியதே இல்லை. தங்கை வருடத்துக்கு இரண்டு தடவை, கம்பெனி விருந்தில், 330 மில்லி பீர் ஒன்று. இரண்டு பேரில் தூக்கம் கெடுவது தங்கைக்குத்தான். அண்ணனுக்கு எந்தக் கவலையும் இல்லை.

இப்போது அப்பாவைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவத்தை எடுப்போம். மருத்துவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துவது, மொத்தம் 40 மதிப்பெண், 8-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய குடி என்று கணக்கு. இதற்கு முதலில் "ஒரு டிரிங்க்" என்றால் என்ன என்று தெரிய வேண்டும். 10 கிராம் சுத்தமான ஆல்கஹால்தான் ஒரு டிரிங்க். நம் ஊர் பிராந்தி, விஸ்கி லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். அதில் 30 மில்லி ஒரு டிரிங்க். அப்படியென்றால் லார்ஜ் எனப்படும் 60 மில்லி இரண்டு, 90 மில்லி கட்டிங் மூன்று, 180 மில்லி குவார்ட்டர் ஆறு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்று நாலு டிரிங்க். "ஒரு பீர்தானே", "ஒரு குவார்ட்டர்தானே" என்று எண்ணும்போது நாம் பாட்டிலை எண்ணுகிறோம், ஈரல் கிராமை எண்ணுகிறது.

அண்ணனுக்குப் போடுவோம். எத்தனை தடவை குடிக்கிறீர்கள்: மாதத்தில் நாலு தடவை, 2 மதிப்பெண். ஒரு தடவைக்கு எவ்வளவு: ஆறு டிரிங்க், 2. ஆறு அல்லது அதற்கு மேல் எத்தனை தடவை: வாரா வாரம், 3. மூன்று கேள்வியிலேயே 7 வந்துவிட்டது. கல்யாண வீட்டிலோ திருவிழாவிலோ கூடுதலாகிப்போய் முந்தின ராத்திரி நடந்தது ஞாபகம் இல்லாமல் போவது வருடத்துக்கு ஒரு தடவை உண்டு, அதற்கு 1. போன பொங்கலுக்கு மனைவி "கொஞ்சம் கொறைச்சுக்கங்க" என்று சொன்னார், அதற்கு 4. மொத்தம் 12. குற்ற உணர்ச்சி வந்ததா என்ற கேள்விக்கு அவருக்குச் சைபர்தான். தங்கைக்கு: வருடத்துக்கு இரண்டு தடவைக்கு 1, அளவுக்கு 0, குற்ற உணர்ச்சிக்கு 1. மொத்தம் 2. அந்த ஒன்றுகூட அவர் குடித்ததற்காக வந்ததில்லை, அப்பா குடித்ததற்காக வந்தது என்று நான் சொல்வேன்.

அண்ணனின் 12 அவரைக் குடிநோயாளி என்று சொல்லவில்லை. 8 முதல் 15 வரை, இப்படியே போனால் கெடுதல் வரும், இப்போதே குறையுங்கள் என்று சொல்ல வேண்டிய கட்டம். 20-ஐத் தொட்டால்தான், குடிக்காமல் இருக்க முடியாத சார்புநிலை இருக்கிறதா என்று முறையாகப் பரிசோதிக்கச் சொல்வார்கள். தங்கைக்குக் குடியைப் பற்றிச் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. அவருக்கு உதவி தேவைப்பட்டால் அது அந்த வீட்டில் பட்டதைப் பற்றிப் பேசுவதற்காக, அது வேறு வேலை. குடிகாரர்களின் குடும்பத்தாருக்கென்றே இருக்கும் அல்-அனான் கூட்டங்கள் இதற்குத்தான். குடித்தவர் உயிரோடு இல்லாவிட்டாலும் போகலாம்.

அண்ணன் எங்கே தப்பாகக் கணக்குப் போடுகிறார் என்றால், முப்பத்து இரண்டு வயதுத் தன்னை ஐம்பது வயது அப்பாவோடு ஒப்பிடுகிறார். பிள்ளைகளுக்கு ஞாபகம் இருப்பது பெரும்பாலும் கடைசிப் பத்து வருட அப்பாதான்: காலையிலேயே கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் டம்ளரைப் பிடிக்க முடிகிற அப்பா. அவரோடு ஒப்பிட்டால் யாருமே நல்ல பிள்ளைதான். கேட்க வேண்டிய கேள்வி, அப்பா என் வயதில் எப்படிக் குடித்தார் என்பது. இதற்குப் பதில் தெரிந்தவர்கள் குடும்பத்தில் இருப்பார்கள், அம்மா, சித்தப்பா, அத்தை, அவரோடு வேலை பார்த்தவர்கள். கேட்டால் நிறைய வீடுகளில் வருகிற பதில், "அப்போல்லாம் சம்பளத்தன்னிக்கு மட்டும்தாம்ப்பா, வேலைக்கு ஒரு நாள் லீவு போட மாட்டாரு, யாருகிட்டயும் ஒரு சத்தம் கெடையாது" என்பதுதான். சம்பள நாளில் தொடங்கி, வாரத்தில் மூன்று நாளாகி, ராத்திரி தவறாமல் ஆகி, காலையிலும் தேவைப்படுவதற்கு அவருக்குப் பதினைந்து இருபது வருடம் பிடித்திருக்கும். நடுவில் எந்தத் தேதியிலும் "இன்று முதல் குடிநோய்" என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அப்பாவை அளவுகோலாக வைத்தே தீர வேண்டும் என்றால், இந்த வயதுக் கணக்கோடு வைத்தால்தான் உபயோகம்.

நம் ஊரில் எல்லோரும் நம்புகிற இன்னொரு சோதனை, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்பது. "நெனச்சா நிறுத்திடுவேன், போன வருஷம் மாலை போட்டப்போ 48 நாள் தொட்டனா?" என்பார்கள். தொட்டிருக்க மாட்டார், உண்மைதான். ஆனால் குடிநோய் முற்றிய பல அப்பாக்களும் மாலை போட்டு 48 நாள் சுத்தமாக இருந்தவர்கள்தான். அந்த நாட்களில் வீட்டில் நல்ல சாப்பாடு, சிரிப்பு, இனிமேல் இப்படித்தான் என்ற நம்பிக்கை, அப்புறம் மலை இறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே என்ன நடந்தது என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். சுற்றிலும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தேதி குறித்து, சாமி பெயரில் முழுசாக விடுவது பலருக்கு முடிகிறது. கட்டுப்பாடு போய்விட்டதா என்பது முழுசாக விடுவதில் தெரிவதைவிட, குடிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்துவதில்தான் நன்றாகத் தெரியும்.

அதனால் நான் பரிந்துரைக்கிற சோதனை வேறு. ஏற்கனவே குடிக்கிறவர், போவதற்கு முன்பே, இன்றைக்கு ஒரு லார்ஜ், அவ்வளவுதான் என்று அளவை முடிவு செய்துகொண்டு, யாரிடமாவது சொல்லிவிட்டு, அதோடு நிற்க முடிகிறதா என்று இரண்டு மூன்று மாதம் குறித்துவைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நாள் தவறினால் பெரிய விஷயம் இல்லை. ஒன்று என்று முடிவு செய்த நாட்களில் பாதிக்கு மேல் மூன்றாகிறது, அதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல காரணம் இருக்கிறது, அளவைக் குறித்துவைப்பதே எரிச்சலாக இருக்கிறது, முதல் கிளாஸ் முடிவதற்குள் அடுத்தது வருமா என்பதில்தான் கவனம் போகிறது என்றால், மொத்த அளவு குறைவாக இருந்தாலும் அது கவனிக்க வேண்டிய குறி. குடும்பத்தில் குடிநோய் இருக்கிறவர்களுக்கு, அளவாகக் குடிக்கப் பழகுவதைவிட விட்டுவிடுவது சுலபமாக இருக்கும் கட்டம் அது. குடிக்காதவர் இதைச் சோதித்துப் பார்ப்பதற்காகக் குடிக்கத் தொடங்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

அளவோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, எதற்காகக் குடிக்கிறோம் என்பது. கூட்டத்தோடு கொண்டாட்டத்துக்குக் குடிப்பதும் மனசு சரியில்லாததற்குக் குடிப்பதும் அளவில் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் பின்னால் சிக்கலில் கொண்டுபோய் விடுவதில் இரண்டாவதுதான் முன்னால் நிற்கிறது. குடிகார வீட்டுப் பிள்ளைகளுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டே வளர்ந்தவர்களுக்கு, முதல் தடவையாக உடம்பு தளர்ந்து, தோள் இறங்கி, எதையும் கவனிக்க வேண்டியதில்லை என்று தோன்றுவது மதுவால் நடந்திருந்தால், அந்த நிம்மதி மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிடப் பெரியதாக இருக்கும். தூக்கம் வருவதற்காக, சண்டைக்கு அப்புறம், மேனேஜர் திட்டிய நாளில், தனியாக ரூமில் என்று குடிக்கிற நாட்கள் கூடிக்கொண்டு போனால் அளவைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அப்போதே யாரிடமாவது பேசுவது நல்லது.

இணையத்தில் "குடிகாரர்களின் பிள்ளைகளுக்கு இருக்கும் குணங்கள்" என்று பட்டியல்கள் சுற்றும். பாராட்டுக்கு ஏங்குவார்கள், தன்னைத் தானே குறை சொல்வார்கள், தொடங்கியதை முடிக்கச் சிரமப்படுவார்கள் என்றெல்லாம். ஜாதகப் பலன் மாதிரி, படிக்கிற யாருக்கும் பொருந்தும். குடிகாரர் இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களிடம் இந்த வகைப் பட்டியலைக் கொடுத்தாலும் தங்களுக்கே எழுதியதுபோல் இருக்கிறது என்று சொல்வதை ஆய்வில் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். அதை வைத்து எதிர்காலத்தைக் கணிக்க வேண்டாம்.

தொடவே மாட்டேன் என்று முடிவு செய்கிறவர்களும் இந்தப் பிள்ளைகளில் நிறைய உண்டு. அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயதுவரையுள்ள ஆண்களில் 27.3 சதவீதம் பேர்தான் குடிக்கிறவர்கள், பெண்களில் 1.6 சதவீதம். குடிக்காதவர்தான் இங்கே பெரும்பான்மை, நண்பர்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அது தலைகீழாகத் தெரியும்.

படிவத்தைப் போட்டுப் பார்த்து எண் பெரிதாக வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தினமும், குவார்ட்டர் அளவிலோ அதற்கு மேலோ, மாதக்கணக்காகக் குடிக்கிறவர், அதுவும் காலையில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு உள்ளவர், வைராக்கியத்தில் ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு முதல் நாலு நாட்களுக்குள் ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது போன்றவை வரலாம், உயிருக்கே ஆபத்து. மருந்து கொடுத்து ஒரு வாரம் பத்து நாளில் இதைப் பாதுகாப்பாகத் தாண்ட வைக்க முடியும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதைச் செய்கிறார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 போதை மீட்புக்கான தேசிய எண், 14416 டெலி மானஸ் மனநல எண், இரண்டும் இலவசம். டாக்டரிடம் பேசும்போது, அவர் கேட்காவிட்டாலும், அப்பாவுக்குக் குடிநோய் இருந்தது, அவருக்கு அது எந்த வயதில் தொடங்கியது என்ற இரண்டையும் சொல்லிவிடுங்கள்.